ஐந்து மடிக்கணினிகளும் ஒரு கடிதமும்

ஜார்ஜ்டவுன், பினாங்கு வீதியில் பழைய கடைவீடு ஒன்றின் முதல் மாடியில் ஒரு சிறிய கணக்கியல் அலுவலகம் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் பணியாளர்கள் ஐவர். மேசைகளில் இருக்கும் கணினிகளும் ஐந்து. அவற்றில் இயங்குவது விண்டோஸ் 10. அந்த இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. கணினிகள் அடுத்த நாளும் வேலை செய்தன. ஆனால், புதிய பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக வருவது நின்றுபோனது. வாடிக்கையாளர்களின் வரிக்கணக்குகள் அந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன. பழைய இயந்திரங்கள் விண்டோஸ் 11ஐ ஏற்கவில்லை. எனவே, ஐந்து மடிக்கணினிகள் வாங்க உரிமையாளர் முடிவு செய்கிறார்.

தொலைபேசியை எடுத்து, “அண்ணே, அஞ்சு லேப்டாப்புக்கு ஒரு கொட்டேஷன் அனுப்புங்க” என்று கேட்டுவிடலாம். பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். மறுநாள் ஒரு விலையும் வந்துவிடும். ஆனால், அந்த விலை எதற்கானது? எந்த நினைவகம், எந்த உத்தரவாதம், கடையில் வந்து எடுத்துக்கொள்ளும் விலையா, அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுக்கும் விலையா? கேட்டவர் ஒன்றை நினைத்திருப்பார். சொன்னவர் வேறொன்றை நினைத்திருப்பார். மூன்று கடைகளில் இப்படிக் கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு மூன்று விலைகள் கிடைக்கும். அவற்றை ஒப்பிடவே முடியாது. எல்லாக் கடைகளுக்கும் ஒரே கேள்வியை ஒரே சொற்களில் அனுப்புவதற்காகவே விலைப்புள்ளி கோரும் கடிதம் எழுதப்படுகிறது. விலைப்புள்ளி என்பது மலாய்மொழியில் ‘செபுட் ஹர்கா’ என்று அரசு அலுவலகங்களில் வழங்குவதுதான்.

கடிதத்தை எழுதுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விலை கேட்பது வாங்குவதாகாது. விலை சொல்வதும் பெரும்பாலும் விற்க ஒப்புக்கொள்வதாகாது. இதை விளக்கச் சட்டம் பயிலும் மாணவர்களுக்கு இன்றும் ஒரு பழைய வழக்கைச் சொல்வார்கள். ஜமைக்காத் தீவில் ‘பம்பர் ஹால் பென்’ என்னும் நிலத்தை வாங்க விரும்பிய ஹார்வி என்பவர், 1891இல் அதன் உரிமையாளரான ஃபேசிக்குத் தந்தி அடித்தார். நிலத்தை விற்பீர்களா, குறைந்த விலை என்ன என்று இரண்டு கேள்விகளைக் கேட்டார். குறைந்த விலை 900 பவுண்டு என்று மட்டும் பதில் வந்தது. முதற்கேள்விக்குப் பதிலே இல்லை. ஹார்வி அந்த விலைக்கு வாங்க ஒப்புக்கொள்வதாக மீண்டும் தந்தி அடித்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வாதிட்டார். வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. அன்று பினாங்கின் வழக்குகளுக்கும் அதுவே இறுதி மேல்முறையீட்டு மன்றம். 1893இல் வந்த தீர்ப்பு, ஃபேசி விலையைத் தெரிவித்தாரே தவிர விற்பதாகச் சொல்லவில்லை என்றது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும் 1982இல், ஒரு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் இடையிலான பிரெஸ்டன் கார்ப்பரேஷன் வழக்கில், அச்சகம் அனுப்பிய விலைப்புள்ளிகள் கேட்டதற்குத் தரப்பட்ட தகவலே என்றும், பதிப்பகம் பின்னர் அனுப்பிய ஆணையே வாங்கும் முன்மொழிவு என்றும் கருதியது.

இதன் விளைவு கடிதத்தின் இரண்டு வரிகளில் தெரியும். ஒன்று, இக்கடிதம் கொள்முதல் ஆணை அன்று என்பதைச் சொல்லும் வரி. அது இல்லாவிட்டால், ஆர்வம் மிகுந்த விற்பனையாளர் ஒருவர் பொருளை ஏற்றி அனுப்பிவிட்டு விலைச்சீட்டையும் நீட்டக்கூடும். மற்றொன்று, சொல்லும் விலை எந்த நாள் வரை மாறாமல் இருக்கும் என்று கேட்கும் வரி. மடிக்கணினியின் விலை அமெரிக்க டாலரின் மதிப்போடும் கையிருப்போடும் ஏறி இறங்குவது. தேதி இல்லாத விலையை நம்பி ஒரு மாதம் கழித்து ஆணை அனுப்பினால், “அது போன மாத விலை” என்ற பதில்தான் கிடைக்கும். அதைத் தவறு என்று சொல்லவும் முடியாது.

கடிதம் பின்வருமாறு அமையலாம்.

(அலுவலகத்தின் பெயர்)
முதல் மாடி, பினாங்கு வீதி,
10200 ஜார்ஜ்டவுன், பினாங்கு.
-----------------------------------------------
விற்பனை நிர்வாகி,
(நிறுவனத்தின் பெயர்),
பட்டர்வொர்த், பினாங்கு.
                                                3 நவம்பர் 2025

ஐயா,

ஐந்து மடிக்கணினிகளுக்கான விலைப்புள்ளி கோருதல்

வணக்கம். எங்கள் அலுவலகப் பயன்பாட்டிற்காக ஐந்து (5) புதிய மடிக்கணினிகள் வாங்க எண்ணியுள்ளோம். அவற்றுக்கான தங்களின் விலைப்புள்ளியை 14 நவம்பர் 2025, வெள்ளிக்கிழமை மாலை மணி 5.00க்குள் எழுத்துவடிவில் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

2. ஐந்து கணினிகளும் ஒரே மாதிரியாக இருத்தல் வேண்டும். திரை 14 அங்குலம். நினைவகம் 16 ஜிகாபைட். திடநிலைச் சேமிப்பகம் 512 ஜிகாபைட். உரிமம் பெற்ற விண்டோஸ் 11 ப்ரோ நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். இதற்கு இணையான அல்லது மேலான மாதிரியையும் தாங்கள் முன்மொழியலாம். மாதிரியின் பெயரையும் எண்ணையும் குறிப்பிடவும்.

3. ஒரு கணினியின் விலையையும் ஐந்தின் மொத்த விலையையும் ரிங்கிட்டில் தனித்தனியே காட்டவும். வரி, கொண்டுவரும் செலவு, நிறுவிக் கொடுக்கும் செலவு ஆகியவை விலையில் அடங்குமா என்பதையும், அடங்காவிடில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதையும் தெரிவிக்கவும். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு, பழுது பார்ப்பவர் எங்கள் அலுவலகத்திற்கு வருவாரா, நாங்கள் சேவை மையத்திற்குக் கொண்டு செல்ல வேண்டுமா என்பதையும் குறிப்பிடவும்.

4. கொள்முதல் ஆணை கிடைத்த 14 நாள்களுக்குள், ஐந்து கணினிகளையும் ஒரே தடவையில், மேற்காணும் முகவரியின் முதல் மாடியில் ஒப்படைக்க வேண்டும். கட்டடத்தில் மின்தூக்கி இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை மணி 9.30 முதல் 11.30 வரை கொண்டு வருவது வசதியாக இருக்கும். எங்கள் பணியாளர் பெற்றுக் கையொப்பமிடும் வரை பொருள்களுக்கு ஏற்படும் இழப்பும் சேதமும் விற்பனையாளரின் பொறுப்பாகும். இதில் எதையேனும் ஏற்க இயலாவிடில், தங்களின் மாற்று ஏற்பாட்டைத் தெரிவிக்கவும்.

5. விலைப்புள்ளி 14 நவம்பர் 2025 முதல் 30 நாள்களுக்குச் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். தாங்கள் எதிர்பார்க்கும் கட்டண முறையையும் தெரிவிக்கவும். இக்கடிதம் விலைப்புள்ளி கோருவதற்கு மட்டுமே. இது கொள்முதல் ஆணையன்று.

நன்றி.

இக்கண்,

.................................
(உரிமையாளர்)

கடிதத்தின் இரண்டாம் பத்தி சுருக்கமானது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘நல்ல மடிக்கணினி’ என்று எழுதாமல் அளந்து பார்க்கக்கூடிய தன்மைகளை எழுதியிருப்பதே அதன் பயன். ‘இணையான’ என்ற சொல்லைச் சேர்த்ததால் ஒரு கடையில் குறிப்பிட்ட மாதிரி இல்லாவிட்டாலும் அது போட்டியிலிருந்து விலக வேண்டியதில்லை. ‘ப்ரோ’ என்ற சிறு சொல்லும் வெறும் அலங்காரம் அன்று. கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது ‘ஹோம்’ பதிப்பு. அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வசதிகள் பல ‘ப்ரோ’ பதிப்பில்தான் உண்டு. வாங்கிய பிறகு ஐந்திலும் பதிப்பை உயர்த்துவதென்றால் ஐந்து முறை பணம் கட்ட வேண்டும்.

நான்காம் பத்திதான் கடிதத்தின் உயிர்நாடி. எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதுவே. வாங்கிய பொருளைக் கொண்டுவந்து கொடுப்பது விற்பவரின் கடமைதானே என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எங்கே ஒப்படைப்பது என்று இரு தரப்பும் பேசிக்கொள்ளாவிட்டால், விற்கும் நேரத்தில் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒப்படைக்கலாம் என்பது அச்சட்டத்தின் 36ஆம் பிரிவு. பொருள் பட்டர்வொர்த்துக் கிடங்கில் இருந்தால், அங்கே போய் எடுத்து வருவது வாங்கியவரின் வேலையாகிவிடும். நடைமுறையில் பல கடைகள் கொண்டுவந்து கொடுக்கவே செய்யும். ஆனால், அது ஒப்பந்தத்தில் இருப்பதாலா, வாடிக்கையாளரை இழக்க விரும்பாததாலா என்பது சிக்கல் வரும்போதுதான் தெரியவரும்.

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையில் இருப்பது கடல். படகுச் சேவை இருக்கிறது. ஆனால், அது இப்போது கார்களையும் லாரிகளையும் ஏற்றுவதில்லை. பொருள் வண்டியில் வந்தால் பாலத்தின் வழியாகத்தான் வர வேண்டும். பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும் வண்டிக்குப் பாலக் கட்டணம் உண்டு. ஜார்ஜ்டவுனின் பழைய வீதிகள் குறுகலானவை. பல ஒருவழிப் பாதைகள். உலக மரபுடைமைப் பகுதி என்று 2008இல் யுனெஸ்கோ அறிவித்த அந்த வட்டாரத்தில், கடைவீட்டு வாசலை ஒட்டி வண்டியை நிறுத்த இடம் கிடைப்பது அரிது. ஐந்தடி நடைபாதையில் பெட்டிகளை இறக்கிவிட்டு, “கையொப்பம் போடுங்க” என்று வண்டியோட்டி அவசரப்படுத்துவது அதனால்தான். கடைவீட்டின் மாடிப்படிகள் செங்குத்தானவை. ‘முதல் மாடியில் ஒப்படைக்க வேண்டும்’, ‘மின்தூக்கி இல்லை’ என்ற இரண்டு தொடர்களும் பெட்டிகளைத் தூக்கிச் செல்பவர் யார் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை தருகின்றன. காலை நேரத்தைக் குறித்திருப்பதும் காரணத்தோடுதான். மதியவேளையில் அலுவலகத்தில் ஒருவர் மட்டுமே இருப்பார். ஐந்து பெட்டிகளைச் சரிபார்க்க அவரால் இயலாது.

இழப்பும் சேதமும் யார் பொறுப்பு என்னும் வாக்கியத்தைச் சிலர் மிகையென்று கருதலாம். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவைப் படித்தவர் அப்படிக் கருதமாட்டார். பொருளை அனுப்பி வைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்து, விற்பவர் அதைத் தூதஞ்சல் போன்ற போக்குவரத்து நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், வேறு ஏற்பாடு இல்லாத நிலையில் அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளப்படும். அதாவது, பெட்டி இன்னும் சாலையில் இருக்கும்; சட்டத்தின் கண்களுக்கோ அது வந்து சேர்ந்துவிட்டது. வழியில் ஒரு பெட்டி காணாமற்போனால் வாதம் இங்கிருந்துதான் தொடங்கும். இந்த விதிகளெல்லாம் இரு தரப்பும் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதபோது மட்டுமே செல்லும். எனவேதான் பேச வேண்டியதைக் கடிதத்திலேயே பேசிவிடுகிறார்கள். ‘ஒரே தடவையில்’ என்ற தொடருக்குச் சட்டத்தின் துணை உண்டு. ஒப்புக்கொள்ளாத வரையில், பொருளைத் தவணை தவணையாகப் பெற வாங்குபவர் கட்டுப்பட்டவரல்லர். இருந்தும் அதை எழுதி வைத்தால், கையிருப்பில் ஐந்து இல்லாத கடை தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடும்.

ஒரே கடிதத்தை மூன்று விற்பனையாளர்களுக்கு அனுப்பியதில் மூன்று பதில்கள் வந்தன என்று கொள்வோம். கணக்கு புரிவதற்காகச் சில தொகைகளைக் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம். முதலாமவர் ஒரு கணினிக்கு 2,780 ரிங்கிட் என்கிறார். கொண்டுவர 150 ரிங்கிட்டும், நிறுவிக் கொடுக்க ஒவ்வொன்றுக்கும் 80 ரிங்கிட்டும் தனி. இரண்டாமவர் 2,860 ரிங்கிட் கேட்கிறார். முதல் மாடி வரை கொண்டுவருவதும் நிறுவிக் கொடுப்பதும் அதில் அடக்கம். மூன்றாமவரின் விலை 2,690 ரிங்கிட், தூதஞ்சல் இலவசம், ஒப்படைக்கும் நாள் ‘கையிருப்பைப் பொறுத்தது’.

ஒரு கணினியின் விலையை மட்டும் பார்த்தால் இரண்டாமவரே அதிகம் கேட்கிறார். மொத்தத்தைக் கூட்டினால் படம் மாறுகிறது. முதலாமவருக்குக் கணினிகள் 13,900, கொண்டுவர 150, நிறுவ 400. ஆக மொத்தம் 14,450 ரிங்கிட். இரண்டாமவருக்கு எல்லாம் சேர்த்து 14,300 ரிங்கிட். கணினிக்கு 80 ரிங்கிட் கூடுதலாகச் சொன்னவர் முடிவில் 150 ரிங்கிட் மலிவாகிவிட்டார். மூன்றாம் பத்தியில் செலவுகளைப் பிரித்துக் காட்டும்படி கேட்டிராவிட்டால் இந்தக் கூட்டலைப் போட்டிருக்கவே முடியாது.

மூன்றாமவரின் மொத்தம் 13,450 ரிங்கிட். நிறுவும் வேலையை அலுவலகத்தாரே செய்துகொள்ள முடிந்தால் அது உண்மையிலேயே மலிவுதான். ஆனால், ‘கையிருப்பைப் பொறுத்தது’ என்பது நான்காம் பத்திக்கு விடையன்று. விடை சொல்லாமல் நழுவுவதற்கான சொல். விலைப்புள்ளிகளைப் படித்துப் பழகியவர்கள் விலையைவிட இத்தகைய சொற்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். உடனே அவரை ஒதுக்கவும் வேண்டியதில்லை. இன்று கையில் எத்தனை இருக்கிறது, மீதி எந்தத் தேதியில் வரும், வழியில் சேதமானால் யார் மாற்றித் தருவார் என்று மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டால் போதும். தேதியுடன் பதில் வந்தால் அவரும் போட்டியில் இருக்கிறார். கையில் மூன்றுதான் உண்டு, மீதிக்குத் தேதி சொல்ல முடியாது என்று பதில் வந்தால், இரண்டு பணியாளர்கள் பாதுகாப்பற்ற பழைய கணினியில் எத்தனை வாரம் வேலை செய்வது என்பதை அந்த 850 ரிங்கிட் வேறுபாட்டோடு எடை போட வேண்டும். உத்தரவாதத்தையும் இங்கேதான் ஒப்பிட வேண்டும். சில மலிவு விலைகளுக்குக் காரணம், அப்பொருள் மலேசியாவிலுள்ள அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளர் வழியாக வராததே. அத்தகைய கணினிக்கு உள்ளூர்ச் சேவை மையம் பொறுப்பேற்க மறுக்கலாம்.

உரிமையாளர் இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து அனுப்புவது கொள்முதல் ஆணை. கடிதத்தின் நிபந்தனைகள் அங்கே தாமாக வந்து ஒட்டிக்கொள்ளமாட்டா. ஆணையில் விலைப்புள்ளியின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, மாதிரி எண், மொத்த விலை, ஒப்படைக்கும் இடம், கடைசி நாள், சேதத்திற்கான பொறுப்பு ஆகியவற்றை மீண்டும் எழுத வேண்டும். வந்த விலைப்புள்ளியின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். ‘கிடங்கை விட்டு வெளியேறிய பொருளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது’ என்பது போன்ற வரி அங்கே சிறிய எழுத்தில் இருக்குமானால், அதை ஏற்கவில்லை என்று ஆணையில் தெளிவாகச் சொல்லி, விற்பனையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற வேண்டும். பெறாவிட்டால், இரண்டு தாள்கள் இரண்டு விதமாகப் பேசும். எது செல்லும் என்பதை வழக்கறிஞர்கள்தாம் சொல்ல வேண்டியிருக்கும்.

பொருள் வரும் நாளில் வண்டியோட்டி நீட்டும் தாளை வணிகர்கள் ‘டி.ஓ.’ என்கிறார்கள். அது ஒப்படைப்புச் சீட்டு. ‘பொருள்கள் நல்ல நிலையில் பெறப்பட்டன’ என்ற வரி அதில் முன்பே அச்சிடப்பட்டிருக்கும். பெட்டிகளைத் திறக்க நேரம் இருந்தால் ஐந்தையும் திறந்து, கணினியின் அடியிலுள்ள தொடர் எண்ணும் சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்கலாம். நேரம் இல்லாவிட்டால், பெட்டிகளை எண்ணி, முத்திரை நாடா கிழியாமல் இருக்கிறதா, மூலைகள் நசுங்காமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ‘ஐந்து பெட்டிகள் பெறப்பட்டன, திறந்து பார்க்கப்படவில்லை’ என்று கையால் எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். முன்பு பார்த்திராத பொருளைச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகாது என்று சட்டமே சொல்கிறது. என்றாலும், அந்த வாய்ப்பு வாரக்கணக்கில் நீளாது. அன்றைக்கே ஐந்தையும் இயக்கிப் பார்த்து, நினைவகம் 16 ஜிகாபைட்தானா, இயங்குதளம் ‘ப்ரோ’ பதிப்புதானா என்று சரிபார்த்து, குறை இருந்தால் அன்றே எழுதி அனுப்பிவிட வேண்டும்.

அதன்பின் விலைச்சீட்டு வரும், பணம் செலுத்தப்படும். கடிதத்தின் நகல், மூன்று விலைப்புள்ளிகள், கொள்முதல் ஆணை, டி.ஓ., விலைச்சீட்டு, பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கோப்பில் வைக்கிறார்கள். வணிகப் பதிவுகளை 7 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் கூறுவதால், அந்தக் கோப்பு பெரும்பாலும் அந்த ஐந்து மடிக்கணினிகளைவிட நீண்ட காலம் அலுவலக அலமாரியில் இருக்கும்.